இன்வெர்ட்டரில் சலவை இயந்திரத்தை இயக்குதல்

இன்வெர்ட்டரில் சலவை இயந்திரத்தை இயக்குதல் என்பது, மின்கலத்தில் (பேட்டரி) சேமிக்கப்பட்ட மின்சாரத்தை இன்வெர்ட்டர் மூலம் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றி, மின்வெட்டு நேரத்தில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வழங்குவதைக் குறிக்கும். வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் மின்விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு அமைக்கப்படுகின்றன. மோட்டாரால் இயங்கும் சலவை இயந்திரத்தின் தேவை இவற்றிலிருந்து வேறுபட்டது. ஒருமுறை துவைத்து முடிக்கத் தேவையான மொத்த மின்னாற்றல் சிறியதே. ஆனால் மோட்டார் புறப்படும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் பெரியது. இன்வெர்ட்டர் இயந்திரத்தைத் தாங்குமா என்பதைப் பெரும்பாலும் அந்தக் கணமே தீர்மானிக்கின்றது.

தமிழ்நாட்டில் 2008 முதல் நிலவிய மின்பற்றாக்குறை 2012 ஆம் ஆண்டில் கடுமையானது. சென்னை தவிர்த்த மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததால், வீடுகளில் இன்வெர்ட்டர் பரவலானது. அந்நிலை பின்னர் மாறிவிட்டது எனினும், பராமரிப்புப் பணிக்கான பகல்நேர மின்நிறுத்தம் தொடர்கின்றது. இந்நேரம் பல வீடுகளில் துணி துவைக்கும் நேரத்துடன் ஒன்றிவருகின்றது.

## இயந்திர வகைகள்

இன்வெர்ட்டருடன் பொருந்துவதைப் பொறுத்து சலவை இயந்திரங்களை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில், மின்தேக்கி (கபாசிட்டர்) இணைந்த ஒருமுனைத் தூண்டல் மோட்டார் உள்ளது. இரட்டைத் தொட்டி கொண்ட அரைத் தானியங்கி இயந்திரங்களும், மேல்புறம் திறக்கும் முழுத் தானியங்கி இயந்திரங்களில் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இம்மோட்டார் மின்சாரம் கிடைத்தவுடன் முழு மின்னழுத்தத்துடன் நேரடியாகப் புறப்படும்.

இரண்டாம் வகையில், மின்னணுச் சுற்றால் கட்டுப்படுத்தப்படும் தூரிகையற்ற மோட்டார் உள்ளது. இது மெதுவாக வேகம் பிடிப்பதால் தொடக்க மின்னோட்டம் பன்மடங்காக உயர்வதில்லை. இவ்வகை இயந்திரங்களின் மேல் "இன்வெர்ட்டர்" என்று அச்சிடப்பட்டிருப்பதுண்டு. அது மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சுற்றைக் குறிக்கும் சொல்லாகும். வீட்டு இன்வெர்ட்டரில் இயங்கத் தக்கது என்பது அதன் பொருளன்று.

## தொடக்க மின்னோட்டம்

தூண்டல் மோட்டார் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, இயங்கும்போது எடுப்பதைப் போல ஏறக்குறைய 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும். சுழலி வேகம் பிடித்தவுடன் இது குறைந்துவிடும். மின்வாரிய இணைப்பில் இந்த உயர்வு எவருக்கும் தெரிவதில்லை. விளக்கு ஒருகணம் மங்குவதோடு முடிந்துவிடுகின்றது. இன்வெர்ட்டரிலோ அதன் மின்னணுக் கூறுகள் தாங்கும் எல்லை குறுகியது.

துவைக்கும்போது மோட்டார் சில நொடிகள் ஒரு திசையிலும், சற்று நின்று மறு திசையிலும் சுழல்கின்றது. எனவே ஒரு துவைப்பில் இந்தத் தொடக்கம் நூற்றுக்கும் மேற்பட்ட முறை நிகழும். பிழியும்போது தொடக்கங்கள் குறைவு. ஆயினும் நனைந்த துணியுடன் கூடிய தொட்டி கனமானது என்பதால், வேகம் பிடிக்கப் பல நொடிகள் ஆகும். அதுவரை மோட்டார் மிகுதியான மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டிருக்கும். துவைக்கும் கட்டத்தைத் தாண்டிய இன்வெர்ட்டர், பிழியும் கட்டத்தில் நின்றுபோவது இதனாலேயே.

## எடுத்துக்காட்டுக் கணக்கு

900 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள சைன் அலை இன்வெர்ட்டர் ஒன்று, 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலத்துடன் இணைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். திறன் காரணி 0.8 எனில் இது தொடர்ந்து வழங்கக்கூடியது 720 வாட் ஆகும். வீட்டில் 75 வாட் மின்விசிறிகள் மூன்றும், சில எல்இடி விளக்குகளும் சேர்ந்து 260 வாட் எடுக்கின்றன. இத்துடன் துவைக்கும்போது 360 வாட் எடுக்கும் மேல்புறம் திறக்கும் இயந்திரம் ஒன்று இணைக்கப்படுகின்றது.

வாட் கணக்கில் மொத்தச் சுமை 620 ஆகும். இது 720 ஐ விடக் குறைவு என்பதால் இணைப்பு பாதுகாப்பானதாகத் தோன்றும். மோட்டார் இயங்கும்போது 2 ஆம்பியர் எடுக்குமாயின், அது 230 வோல்ட்டில் 460 விஏ ஆகும். பிற சுமைகளின் 290 விஏவைச் சேர்த்தாலும் 750 விஏ மட்டுமே. இதுவும் எல்லைக்குள் உள்ளது.

தொடக்கக் கணத்தில் நிலைமை மாறுகின்றது. மூன்று மடங்கு என்று குறைவாகக் கொண்டாலும் மோட்டார் 6 ஆம்பியர், அதாவது 1380 விஏ எடுக்கும். பிற சுமைகளுடன் சேர்ந்து இது ஏறக்குறைய 1670 விஏ ஆகும். இது இன்வெர்ட்டரின் திறனைப் போல ஏறக்குறைய 1.9 மடங்கு. இன்வெர்ட்டரின் கையேட்டில் குறிப்பிடப்பட்டுள்ள குறுகிய நேர உச்சச் சுமை இதைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டுமே இயந்திரம் புறப்படும். இல்லையெனில் மிகைச்சுமைப் பாதுகாப்பு இன்வெர்ட்டரை நிறுத்திவிடும். மின்விசிறிகளை நிறுத்திவிட்டால் தேவை ஏறக்குறைய 1.6 மடங்காகக் குறையும்.

மொத்த மின்னாற்றலைப் பார்த்தால் கணக்கு எளிதானது. குளிர்நீரில் ஒருமுறை துவைத்துப் பிழிய இவ்வகை இயந்திரத்துக்கு 0.2 அலகு (200 வாட்-மணி) தேவை எனக் கொள்ளலாம். இன்வெர்ட்டரின் செயல்திறன் 85 விழுக்காடு எனில் மின்கலத்திலிருந்து 235 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 20 ஆம்பியர்-மணி வெளியேறும். அதே மின்கலத்தில் மேற்கூறிய விசிறிகளும் விளக்குகளும் முக்கால் மணி நேரம் இயங்க ஆகும் அளவே இது.

ஆகவே பெரிய மின்கலத்தை வாங்குவது இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை. இயந்திரத்தின் தொடக்கத் தேவையைத் தாங்கும் இன்வெர்ட்டரே தேவை. இந்த எடுத்துக்காட்டில் 1500 விஏ அளவிலான, இரண்டு மின்கலங்களைக் கொண்ட 24 வோல்ட் அமைப்பு தாராளமானது. மின்னழுத்தம் இரட்டிப்பாவதால், அதே சுமைக்கு மின்கலத்திலிருந்து எடுக்கப்படும் மின்னோட்டமும் பாதியாகும்.

## மின்கலத்தின் நிலை

தொடக்கக் கணத்தில் 12 வோல்ட் மின்கலம் 100 ஆம்பியருக்கு மேல் வழங்க வேண்டியிருக்கும். மின்கலம், கம்பிகள், முனைகள் ஆகியவற்றின் மொத்த மின்தடை 0.01 ஓம் ஆக இருப்பின், 100 ஆம்பியரில் 1 வோல்ட் குறையும். மின்கலம் பழையதாகி, முனைகளில் உப்புப் படிந்து மின்தடை 0.02 ஓம் ஆகிவிட்டால் 2 வோல்ட் குறையும். ஓய்வில் 12.4 வோல்ட் காட்டிய மின்கலம் அக்கணத்தில் 10.4 வோல்ட்டுக்கு இறங்கும். பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் அளவில் மின்கலம் தீர்ந்துவிட்டதாகக் கொண்டு நின்றுவிடுகின்றன.

இதனால் விசிறிகளை மணிக்கணக்கில் இயக்கும் மின்கலம், சலவை இயந்திரம் புறப்பட்டவுடன் "மின்கலம் குறைவு" என எச்சரிப்பதுண்டு. இத்தகைய நேரத்தில் முதலில் முனைகளைச் சுத்தம் செய்து இறுக்குவதும், வடிநீர் அளவைச் சரிபார்ப்பதும் வழக்கம். அதன் பின்னரும் எச்சரிக்கை வந்தால் மின்கலம் தேய்ந்துவிட்டது எனலாம்.

## அலைவடிவமும் மோட்டாரின் பாதுகாப்பும்

விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சைன் அலைக்குப் பதிலாகச் சதுர அலையை வழங்குகின்றன. சதுர அலையில் 50 ஹெர்ட்சுடன் 150, 250 ஹெர்ட்சு போன்ற உயர் அதிர்வெண் பகுதிகளும் கலந்துள்ளன. இவை மோட்டாரைச் சுழற்ற உதவாமல் சுருணையையும் இரும்பு உள்ளகத்தையும் சூடாக்குகின்றன. மோட்டாரிலிருந்து வழக்கத்துக்கு மாறான இரைச்சல் எழுவது இதன் வெளிப்படையான அடையாளமாகும்.

மோட்டாருடன் இணைந்த மின்தேக்கியும் பாதிக்கப்படும். அதிர்வெண் கூடக்கூட மின்தேக்கி வழியே கூடுதலான மின்னோட்டம் பாயும் என்பதே காரணம். நாளடைவில் மின்தேக்கி உப்பலாம் அல்லது கொண்மம் குறையலாம். அதன்பின் மின்வாரிய மின்சாரத்திலும் மோட்டார் திணறியே புறப்படும். எனவே தூண்டல் மோட்டார் கொண்ட இயந்திரங்களுக்குச் சைன் அலை இன்வெர்ட்டரே ஏற்றது.

சைன் அலையானாலும், திறன் போதாத இன்வெர்ட்டரில் தொடக்கக் கணத்தில் வெளியீட்டு மின்னழுத்தம் தாழும். தூண்டல் மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 184 வோல்ட்டாகக் குறைந்தால், அதாவது 80 விழுக்காடானால், திருப்புவிசை 64 விழுக்காடாகிவிடும். அப்போது மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்கலாம். நின்ற மோட்டார் தொடக்க மின்னோட்டத்தையே தொடர்ந்து எடுப்பதால் சுருணை விரைவில் சூடேறும். மோட்டாரிலுள்ள வெப்பக் காப்பு இணைப்பைத் துண்டிக்கக்கூடும். அது இல்லாதபோது அல்லது பழுதானபோது சுருணை கருகும். உறுமல் கேட்டவுடன் இயந்திரத்தை நிறுத்துவதே சரியானது. மீண்டும் மீண்டும் முயல்வது சூட்டைக் கூட்டும்.

## நீர் சூடேற்றி

முன்புறம் திறக்கும் இயந்திரங்களில் பெரும்பாலும் 2000 வாட் அளவிலான நீர் சூடேற்றி உள்ளது. 12 வோல்ட் மின்கலத்தில் இதற்கு ஏறக்குறைய 196 ஆம்பியர் தொடர்ந்து தேவைப்படும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. சில துவைப்பு முறைகள் தாமாகவே 40 பாகை வெந்நீரைத் தேர்ந்தெடுப்பதால், மின்வெட்டின்போது குளிர்நீர் முறை தேர்வு செய்யப்பட வேண்டும். துவைப்பு தொடங்கிச் சில நிமிடங்களுக்குப் பின் இன்வெர்ட்டர் நின்றால் சூடேற்றி இயங்கியிருக்க வாய்ப்புண்டு.

## கம்பி இணைப்பு

வீடுகளில் பொதுவாக விளக்கு, விசிறிக்கான சுற்றுகள் மட்டுமே இன்வெர்ட்டருடன் இணைக்கப்படுகின்றன. சலவை இயந்திரத்துக்கான 16 ஆம்பியர் செருகுமுனை மின்வாரிய இணைப்பில் இருக்கும். இதனால் விளக்குச் சுற்றிலிருந்து மெல்லிய நீட்டிப்புக் கம்பி இழுக்கப்படுவதுண்டு. இதில் இரண்டு அபாயங்கள் உள்ளன. கம்பியில் ஏற்படும் மின்னழுத்த இழப்பு மோட்டாரின் தொடக்கத்தை மேலும் கடினமாக்கும். நிலத்தொடுப்புக் கம்பி (எர்த்) இல்லாத இரட்டைக் கம்பி பயன்படுத்தப்பட்டால், ஈரத் தரையில் நிற்பவருக்கு இயந்திரத்தின் உலோக உடலிலிருந்து மின்னதிர்ச்சி ஏற்படலாம்.

மின்வாரிய இணைப்பின் தொடக்கத்தில் பொருத்தப்பட்ட மின்கசிவுத் துண்டிப்பான், மின்கலத்திலிருந்து மின்சாரம் வரும் நேரத்தில் கசிவை உணராது. ஆகையால் இன்வெர்ட்டரின் வெளியீட்டுப் பக்கத்தில் தனித் துண்டிப்பானும், இயந்திரத்துக்கு நிலத்தொடுப்புடன் கூடிய தனிச் சுற்றும் தேவை. இவற்றை மின்பணியாளரைக் கொண்டே அமைக்க வேண்டும்.

## இயக்கும் முறை

இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் துவைப்பு, பிழிதல், சூடேற்றல் ஆகியவற்றின் வாட் அளவுகள் தனித்தனியே தரப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டு கணக்கிட்ட பின், மின்வெட்டுக்குக் காத்திராமல், இன்வெர்ட்டருக்கு வரும் மின்வாரிய இணைப்பை நிறுத்திப் பாதியளவு துணியுடன் சோதிக்கலாம். துவைப்பும் பிழிதலும் தடையின்றி நடந்து, மோட்டார் உறுமாமலும் விளக்குகள் பெரிதும் மங்காமலும் இருந்தால் இணைப்பு பொருத்தமானது. குளிர்பதனப் பெட்டி, மின்னம்மி போன்ற பிற மோட்டார்கள் அதே நேரத்தில் புறப்பட்டால் இன்வெர்ட்டர் நின்றுவிடக்கூடும். எனவே துவைப்பு முடியும்வரை அவற்றை நிறுத்திவைத்தல் வேண்டும். துவைப்பு மட்டும் நடந்து பிழிதல் நடவாவிடின், துணியை அப்படியே வைத்திருந்து மின்சாரம் வந்தபின் பிழிந்துகொள்ளலாம்.