விடுபட்ட ஏழு மாவட்டங்களும் 4.3 வீதமும்

2001 ஜூலையில் குடிசன மதிப்பீட்டு உத்தியோகத்தர் பேலியகொடையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்தார். அம்மா சொல்லச் சொல்ல எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு போனார். கிளிநொச்சியில் இருந்த மாமா வீட்டுக்கு யாரும் போகவில்லை. அந்த ஆண்டு யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களில் கணக்கெடுப்பு முழுமையாக நடக்கவில்லை.

ஒரு அட்டவணையில் இப்படி வெற்றிடம் விழுந்தால் மூன்று வழிகள் உண்டு. இலங்கைத் தமிழரின் வீதத்தை வைத்தே அவற்றைப் பார்க்கலாம்.

முதலாவது, விடுபட்ட வரிசைகளை நீக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் கணக்கிடுவது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் இன அட்டவணை 18 மாவட்டங்களுக்கே வெளியானது. அங்கு எண்ணப்பட்ட சுமார் 169 இலட்சம் பேரில் இலங்கைத் தமிழர் 4.3 வீதம். 1981 இல் நாடு முழுவதற்கும் அது 12.7 வீதமாக இருந்தது. 18 மாவட்டங்களுக்கு 4.3 சரியான எண்தான். அதை இலங்கை முழுவதற்குமான எண்ணாக வாசிப்பதே பிழை.

இரண்டாவது, வெற்றிடத்தில் சராசரியை இடுவது. அந்த ஆண்டு நாட்டின் மொத்தச் சனத்தொகை, மதிப்பீடுகளையும் சேர்த்து, சுமார் 188 இலட்சம். அப்படியானால் விடுபட்டவர்கள் ஏறத்தாழ 19 இலட்சம். அவர்களுக்கும் 4.3 வீதத்தையே போட்டால், ஏழு மாவட்டங்களிலும் சேர்த்து 80 ஆயிரம் தமிழரே இருப்பார்கள். நாட்டின் வீதமோ அதே 4.3 ஆகவே நிற்கும். நீக்கினால் வெற்றிடமாவது கண்ணுக்குத் தெரியும். சராசரியை இட்டால் அதுவும் மறைந்துவிடும்.

மூன்றாவது, தெரிந்த வேறு தகவலைக் கொண்டு மாதிரி அமைத்து நிரப்புவது. 1981 இல் இதே பகுதிகளில் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. அதன்படி 19 இலட்சத்தில் 14 இலட்சம் பேர் தமிழர். 18 மாவட்டங்களில் இருந்த 7 இலட்சத்தைக் கூட்டினால் 21 இலட்சத்துக்குச் சற்று மேல், அதாவது சுமார் 11.3 வீதம்.

ஆனால் 1981 க்குப் பிறகு மரணங்கள், வெளிநாட்டுப் புலம்பெயர்வு, 1990 இல் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் எல்லாம் நடந்துவிட்டன. பழைய பங்கு அப்படியே இருந்திருக்காது. ஆகவே ஒரே எண்ணை நம்பாமல் பல எண்களை இட்டுப் பார்க்க வேண்டும். 70 வீதம் என்றால் முடிவு 10.9, 80 வீதம் என்றால் 11.8. இந்த இடைவெளியையும் சேர்த்தே வெளியிடுவதுதான் நேர்மை.

2012 இல் நாடு முழுவதும் எண்ணியபோது கிடைத்தது 11 வீதத்துக்குச் சற்று மேல். இடையில் இறுதி யுத்தம் நடந்ததால் இதை மாதிரிக்கான நிரூபணமாகக் கொள்ள முடியாது. எனினும் 4.3 எவ்வளவு தூரம் விலகி நின்றது என்பது தெரிகிறது.

எந்த வழியைத் தெரிவதென்பதற்கு ஒரு சோதனை உண்டு. விடுபட்ட வரிசைகளும் விடுபடாதவையும் முன்பு ஒரேமாதிரி இருந்தனவா என்று பழைய பதிவில் பாருங்கள். ஒரேமாதிரி என்றால், நீக்குவதால் வீதம் பெரிதாகப் பிசகாது. இங்கே விடுபடக் காரணம் யுத்தம். யுத்தம் நடந்தது தமிழர் வாழ்ந்த இடங்களில். எதை எண்ண வேண்டுமோ அதுவே விடுபட்டுப் போனது.

இன்றும் சில இணையப் பக்கங்களில் 2001 என்று போட்டு, இலங்கைத் தமிழர் 4 வீதம் என்று எழுதியிருப்பதைக் காண்கிறேன். அதைக் கண்டால் எத்தனை மாவட்டங்களின் கணக்கு என்று முதலில் கேளுங்கள்.