மூடினாலும் சொட்டு சொட்டா ஒழுகுதா பைப்பு? வாஷரா, கார்ட்ரிட்ஜா, ரப்பர் ரிங்கா... எதை மாத்தணும்?

ராத்திரி எல்லா சத்தமும் அடங்கின பிறகுதான் அது காதுல விழும். சொட்... சொட்... எழுந்து போய் பைப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடுவோம். ரெண்டு நாள் நிக்கும், மறுபடி ஆரம்பிக்கும். எவ்வளவு தண்ணி வீணாகுதுன்னு தெரிஞ்சுக்க, கீழே ஒரு லிட்டர் பாட்டில் வைங்க. ஒரு மணி நேரத்துல நிறைஞ்சா, நாளைக்கு 24 லிட்டர். கிட்டத்தட்ட ஒன்றரை குடம்.

முதல்ல பார்க்க வேண்டியது, எத்தனை சுற்று?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி கைப்பிடியைத் திருப்பிப் பாருங்க. முழுசா திறக்க ரெண்டு, மூணு சுற்று ஆகுதுன்னா உள்ளே இருப்பது வாஷர். கால் சுற்று அல்லது அரைச் சுற்றிலேயே திறந்துட்டா, அது செராமிக் கார்ட்ரிட்ஜ். நம்ம ஊர் கடைகள்ல இதை ஸ்பிண்டில்னும் சொல்வாங்க. வெந்நீர், பச்சைத் தண்ணி ரெண்டுக்கும் ஒரே லீவர் இருக்கும் மிக்ஸர்லயும் கார்ட்ரிட்ஜ்தான். வடிவம் மட்டும் பெருசு.

இது தெரியாம நானே ஒரு ஞாயித்துக்கிழமையை வீணாக்கியிருக்கேன். வாடகை வீட்டு வாஷ்பேசின் பைப்பு சொட்டுச்சு. அரை இஞ்ச் வாஷர் வாங்கிட்டு வந்து கழட்டினா, அதைப் போட உள்ளே இடமே இல்லை.

வாஷர் ஏன் தேயுது?

பழைய பித்தளைப் பைப்புல தண்ணி வரும் துளையைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கும். கைப்பிடியைத் திருகும்போது வாஷர் அந்த விளிம்புல போய் அழுந்தி தண்ணியை நிறுத்தும். ரப்பர் நாளாக ஆக கெட்டியாகிடும். ஒழுகுதேன்னு நாம இறுக்க இறுக்க, விளிம்பு ரப்பர்ல வட்டமா ஒரு பள்ளம் வெட்டிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பள்ளம் வழியா தண்ணி கசியும்.

புது வாஷர் போட்டும் சில நாள்ல மறுபடி சொட்டினா, தப்பு வாஷர்ல இல்லை. தண்ணியை அடைச்சுட்டு உள்ளே விரல் விட்டு விளிம்பைத் தடவிப் பாருங்க. சொரசொரன்னு, குழி விழுந்த மாதிரி இருந்தா, பிளம்பர் அதைத் தேய்ச்சு சமமாக்கணும், இல்லைன்னா பைப்பையே மாத்தணும்.

கார்ட்ரிட்ஜ் கதை வேற

இதுல துளை போட்ட ரெண்டு செராமிக் வட்டுகள் ஒன்று மேல ஒன்று வழுக்கி ஓடும். துளைகள் நேருக்கு நேர் வந்தா தண்ணி வரும், விலகினா நிக்கும். ரப்பர் மாதிரி அழுந்தித் தேயாது. ஆனா டேங்க்ல இருந்து வரும் மணல், போர் தண்ணியின் உப்புப் படிவு ரெண்டும் அதுக்கு எதிரி. ஒரு மணல் துகள் வட்டுல கீறல் போட்டா போதும், சொட்ட ஆரம்பிச்சிடும். இதை பலமா இறுக்கிப் பிரயோஜனமே இல்லை; கைப்பிடிதான் உடையும்.

என் வாஷ்பேசினுக்குக் கடைசியில செஞ்சது இதுதான். பேசினுக்குக் கீழே உள்ள ஆங்கிள் வால்வை மூடி, பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிச்சேன். ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள விழாம இருக்க பேசின்ல ஒரு துணி போட்டேன். மேல் மூடியை நெம்பி, ஸ்க்ரூவைக் கழட்டி, கைப்பிடியை எடுத்துட்டு, ஸ்பேனரால கார்ட்ரிட்ஜை இடப்பக்கமா திருப்பினா வந்துடுச்சு.

அதைக் கையோட கடைக்குக் கொண்டு போங்க. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தலைப்பகுதியில் உள்ள பற்களின் எண்ணிக்கை மாறும். 20 பல்லும் உண்டு, 24 பல்லும் உண்டு. எண்ணிக்கை தப்பினா பழைய கைப்பிடி உட்காராது. திறக்கும் திசையும் ஒன்றா இருக்கணும், இல்லைன்னா மூடுறதா நினைச்சுத் திறப்பீங்க. லீவர் மிக்ஸரா இருந்தா பார்க்க வேண்டியது விட்டம், பெரும்பாலும் 35 அல்லது 40 மி.மீ.

புதுசைப் பொருத்தும் முன்னாடி, வாயில துணி பிடிச்சுக்கிட்டு வால்வை ஒரு நொடி மட்டும் திறந்து மூடுங்க. உள்ளே நிக்கும் மணல் வெளியே வந்துடும். அதைச் செய்யலைன்னா புது வட்டுலயும் கீறல்தான்.

ரப்பர் ரிங் எப்போ?

தண்ணி வாய் வழியா சொட்டாம வேற இடத்துல கசிஞ்சா ரிங்கைச் சந்தேகப்படுங்க. சமையலறை சிங்க்ல அப்படி இப்படி திரும்பும் நீளக் கழுத்துப் பைப்பு இருக்கே, திறந்திருக்கும்போது அதன் அடியில தண்ணி கசியும். உள்ளே இருக்கும் ஓ-ரிங் தேய்ஞ்சிருக்கும். அதுலயும் பழசைக் கொண்டு போய் அதே விட்டம், அதே தடிமன் பார்த்து வாங்கணும். மெல்லிசா இருந்தா கசியும், தடியா இருந்தா கழுத்து திரும்பாது.

கார்ட்ரிட்ஜின் அடியிலும் ஒரு சின்ன கறுப்பு ரப்பர் உண்டு. வட்டுகள் நல்லா இருந்து அது மட்டும் நசுங்கியிருந்தா, தனியா கிடைக்குதான்னு கடையில கேட்டுப் பாருங்க. எனக்குக் கிடைக்கலை, முழு கார்ட்ரிட்ஜையே வாங்கிட்டு வந்தேன்.