முதல் சம்பளத்துக்கு முன் ஒப்படைக்க வேண்டிய ஆவணங்கள்: கேரள எல்லைப் பகுதித் தொழிலாளர்கள் அறிய வேண்டியவை

பாலக்காடு: வாளையாறு எல்லையைக் கடந்து கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்குப் பணிக்கு வரும் கோவை மாவட்டத்தினரும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்து இளைஞர்களும் முதல் மாத ஊதியக் கணக்கு முடிக்கப்படும் முன்னர் சில ஆவணங்களை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஆவணங்கள் அனைத்தும் இருந்தும் அவற்றில் பெயர் ஒரே விதமாக இல்லாததால் சிக்கல் எழுவது உண்டு.

ஒப்படைக்க வேண்டியவை

* ஆதார் அட்டை, அதனுடன் இணைக்கப்பட்ட கைபேசி எண்
* பான் அட்டை
* வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல்
* முன்பு பணியாற்றியவர் எனில் 12 இலக்க வருங்கால வைப்பு நிதி எண் (யுஏஎன்), 10 இலக்க இஎஸ்ஐ எண்
* பிறந்த தேதிக்குச் சான்றாக எஸ்எஸ்எல்சி சான்றிதழ்
* குடும்ப உறுப்பினர்களின் ஆதார் விவரம், புகைப்படம்
* வருங்கால வைப்பு நிதிக்கான படிவம் 11

வங்கிக் கணக்கு பழைய ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூரில் தொடங்கப்பட்டதாக இருப்பின், புத்தகத்தில் SBTR எனத் தொடங்கும் கிளைக் குறியீடு காணப்படும். அவ்வங்கி 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. ஆகவே புதிய குறியீட்டைப் பெற்றே வழங்க வேண்டும்.

முன்னெழுத்தால் வரும் சிக்கல்

தமிழர்களின் பெயரில் தந்தை பெயர் முன்னெழுத்தாகவே நிற்கிறது. பான் விண்ணப்பமோ முன்னெழுத்தைக் குடும்பப் பெயராக ஏற்பதில்லை. எடுத்துக்காட்டாக, முருகன் என்பவரின் மகன் செல்வம், ஆதாரில் 'செல்வம் மு' என்றும், பான் அட்டையில் 'செல்வம் முருகன்' என்றும் பதிவாகியிருக்கக்கூடும். இவ்விரண்டும் ஒன்றே என்பதை மனிதர் அறிவர். கணினிச் சரிபார்ப்பு அறியாது. பான் விவரம் வைப்பு நிதிக் கணக்கில் ஏற்கப்படாமல் திரும்பிவிடும்.

புதிய யுஏஎன் எண்ணில் ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் அப்படியே பதிவாகின்றன. எனவே முதலில் ஆதாரைத் திருத்தி, அதன் பின்னரே எண்ணை உருவாக்குவது முறை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறையும், பிறந்த தேதியை ஒருமுறையும் மட்டுமே மாற்ற இயலும் என்பதால், பான் அட்டையில் உள்ளவாறு முழுப் பெயரையும் எழுத்துப் பிழையின்றி ஒரே முறையில் திருத்திக்கொள்வது நல்லது.

2025 ஆகஸ்ட் 1 முதல், புதிய யுஏஎன் எண்ணைத் தொழிலாளரே 'உமங்' செயலியில் முகச் சரிபார்ப்பு மூலம் உருவாக்க வேண்டும். ஆதாருடன் இணைந்த கைபேசி எண் கைவசம் இல்லாவிடில் இந்தப் பணி முடங்கும். ஒரு மாதத்தின் சந்தாவை மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் செலுத்த வேண்டும். எண் இல்லாதவரின் பெயரில் அதனைச் செலுத்த இயலாது.

பழைய எண்ணை மறைக்கலாகாது

முன்பு திருப்பூரிலோ கோவையிலோ சில மாதங்கள் மட்டும் பணியாற்றியிருந்தாலும், அந்த எண்ணைப் படிவம் 11-இல் குறிப்பிட வேண்டும். இரண்டாவது எண் உருவானால் பணிக்காலம் இரண்டாகப் பிரிந்துவிடும். மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டு பணிக்காலம் தேவைப்படுவதால், பிரிந்து நிற்கும் மாதங்கள் பின்னாளில் இழப்பாக முடியலாம்.

பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்துள்ளதா என்பதை வைப்பு நிதி இணையதளத்தின் பணி வரலாற்றுப் பக்கத்தில் காணலாம். பதிவு இல்லையெனில், கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதங்கள் கழிந்த பின்னர் தொழிலாளரே அதனைப் பதிவு செய்ய முடியும்.

இஎஸ்ஐ மருந்தகத் தேர்வு

மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறுவோர் இஎஸ்ஐ வரம்பில் வருவர். பதிவின்போது தொழிலாளருக்கு ஒரு மருந்தகத்தையும் குடும்பத்தினருக்கு மற்றொன்றையும் தேர்வு செய்யலாம். தாம் பாலக்காட்டில் தங்கி, குடும்பம் கோவையில் வசிப்பின், இரு முகவரிகளையும் தனித்தனியே தர வேண்டும். ஒரே முகவரியை அளித்தால் குடும்பத்தினர் சிகிச்சைக்காக எல்லை கடந்து வர நேரிடும்.

முதல் ஊதியச் சீட்டைச் சரிபார்ப்பது எவ்வாறு?

மாத ஊதியம் ரூ.15,000 எனக் கொள்வோம். வைப்பு நிதிக்கு 12 சதவீதமாக ரூ.1,800 பிடிக்கப்படும். இஎஸ்ஐ பங்கு 0.75 சதவீதம், அதாவது ரூ.112.50. இது அடுத்த முழு ரூபாயாக்கப்பட்டு ரூ.113 ஆகும். வேறு பிடித்தம் இல்லையெனில் கையில் கிடைப்பது ரூ.13,087. நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் ரூ.1,800-இல் ரூ.1,250 ஓய்வூதியக் கணக்குக்கும், ரூ.550 வைப்பு நிதிக்கும் செல்லும்.

சீட்டில் பிடித்தம் காணப்பட்டும், மறுமாதம் 15-ஆம் தேதிக்குப் பின் வைப்பு நிதிக் கணக்கேட்டில் அத்தொகை வரவாகவில்லை எனில், எண்ணோ பெயரோ பொருந்தாமல் நின்றிருக்கக்கூடும். இரண்டாம் மாதக் கணக்கு முடியும் முன்னரே நிறுவனத்தின் ஊதியப் பிரிவில் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்பது நன்று.