கண்மாய்க் கரை விறகு

எங்க ஊர் கமுதிப் பக்கம், கரிசல் காடு. எங்க அப்பத்தா காலத்தில் விறகு வெட்டுவது என்று தனி வேலையே கிடையாதாம். பருத்தி எடுத்து முடிந்ததும் மாறைப் பிடுங்கி வீட்டுக்குப் பின்னால் படப்பாக அடுக்கிவிடுவார்கள். அது தீர்ந்தால் பனைமட்டை, காவோலை, எருவாட்டி. பச்சை மரத்தில் கை வைத்தால் பெரியவர்கள் திட்டுவார்களாம்.

அப்புறம்தான் வேலிக்கருவை வந்தது. சீமைக்கருவேலம் என்று சொல்கிறோமே, அதுதான். அமெரிக்கக் கண்டத்து மரம். 1870களிலேயே சென்னை மாகாணத்தில் கடப்பைப் பக்கம் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். நம்ம ராமநாதபுரம் பக்கம் அடுப்புக்கும் வேலிக்கும் ஆகுமென்று அரசாங்கமே விதை தூவியதாக அப்பத்தா சொல்லும். ஆடு மாடு நெற்றைத் தின்று போட்ட இடமெல்லாம் முளைத்து, கண்மாய்க்குள்ளும் போய்விட்டது. அந்தக் கெடுதலை நான் மறைக்கவில்லை. ஆனாலும் எங்க அம்மா தலைமுறைக்குச் சோறு வெந்தது அதில்தான்.

1975-இல் எக்ஹோம் என்ற அமெரிக்கர், ஏழை நாடுகளில் விறகுப் பஞ்சம் வருகிறது, அடுப்புக்காகவே காடு அழிகிறது என்று எழுதினார். உலகமே அதை நம்பியது. பிற்பாடு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர்கள், கிராமத்துப் பெண்கள் அதிகமும் எடுப்பது காய்ந்த சுள்ளியும் வரப்போரக் கிளையும் பயிர்க் கழிவும்தான் என்று கண்டார்கள். காட்டைத் திருத்தி வயலாக்கியதும், டவுனுக்குப் போன விறகும் கரியும் பல இடங்களில் பெரிய காரணம். இதைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பழி எப்பவும் தலைச்சுமைக்காரி மேலதானே விழும்!

அதுக்காக நம்ம மேல தப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. சில வருஷத்துக்கு முன்னால் எங்க கண்மாய்க் கரையை ஒரு வியாபாரி ஏலத்தில் எடுத்து, ஒரே மூச்சில் வெட்டி மூட்டம் போட்டுவிட்டார். மண் மூட்டத்தில் நாலைந்து கிலோ விறகு வெந்தால்தான் ஒரு கிலோ கரி. அதனால் அவருக்குத் தூரும் வேண்டியிருந்தது, தோண்டி எடுத்துப் போனார். மிச்சம் இருந்த தூர்களில் நாங்கள் அத்தனை வீடும் விழுந்தோம். துளிர்த்த விளாரை வருஷா வருஷம் அறுத்தோம். கட்டு மெலிந்துகொண்டே வந்தது, நடை நீண்டுகொண்டே போனது. அளவுக்கு மேல் எடுக்கிறோம் என்பதற்கு அந்த இரண்டும்தான் அடையாளம். அப்போது எங்களுக்கு அது புரியவில்லை.

2022-இல் சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியதும் கேஸ் இருந்த வீடுகளும் அடுப்புக்குத் திரும்பின. அப்பத்தான் குழுக் கூட்டத்தில் தராசை வைத்து நிறுத்துப் பார்த்தோம். எங்க வீட்டில் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 5 கிலோ காய்ந்த விறகு. வருஷத்துக்கு 1,800 கிலோ சுமார். எங்க ஒரு ஏக்கர் பருத்தி மாறு 600 கிலோ வந்தது, அதாவது நாலு மாசத்துக்கு. மாறு சடசடவென்று எரியும், பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்கணும், ஆனால் காசில்லாமல் கிடைப்பது. மீதி 1,200 கிலோ கரையிலிருந்துதான் வரணும்.

ஒரு தூரை வருஷா வருஷம் அறுத்தால் 2 கிலோ விளார்தான் தேறுகிறது. நாலு வருஷம் விட்டுவைத்து வெட்டினால் மணிக்கட்டு தண்டிக்கு 20 கிலோ, அப்படிப் பார்த்தால் வருஷத்துக்கு 5 கிலோ. முதல் வருஷம் தூர் இலை விட்டுத் தெம்பு பிடிக்கவே சரியாகிவிடும், கட்டை பருப்பது அதுக்கப்புறம்தான். ஆக எங்க வீட்டுக்கு 240 தூர் வேண்டும், வருஷம் 60 மட்டும் வெட்டணும். அதே 240-ஐயும் வருஷா வருஷம் அறுத்தால் 480 கிலோதான் கிடைக்கும். "கணக்கு சரிடி, இந்த வருஷம் எதை எரிக்கிறது?" என்று மதினி கேட்டார். நியாயமான கேள்வி. முதல் இரண்டு வருஷம் பனைமட்டையும் வெளியில் வாங்கிய விறகுமாகத்தான் ஓட்டினோம்.

கரையை நாலு பங்காக்கினோம். ஒரு சாண் உயரம் விட்டு, தண்ணி வடியச் சாய்வாக வெட்டுகிறோம். தூரைத் தோண்டுவதில்லை. வெட்டியதை இரண்டு மாசம் காயப்போடணும். பச்சையில் தண்ணி அதிகம், அதை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பகுதி போய், புகை கண்ணைப் பிடுங்கும். கண்மாய்க்குள்ளே இருப்பதை மட்டும் வேரோடு எடுக்கிறோம், அங்கே தண்ணி நிற்கணும். 2017-இல் மதுரைக் கிளை நீதிமன்றம் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதும், அதே வருஷம் அது நிறுத்தி வைக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் கரைக்கும் உள்வாய்க்கும் பிரித்துப் பேசித்தான் ஊர்க்கூட்டத்தில் சம்மதம் வாங்கினோம்.

இந்த வருஷம் மூன்றாம் பங்கு வெட்டியாச்சு. ஏலம் மறுபடியும் வரும் என்கிறார்கள். தூர் தோண்டக் கூடாது என்ற ஒரு வரியை ஏல நிபந்தனையில் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.