யார் ஊருக்கு யார் போவது?

ஆறு அணிகள் லீக் முறையில் மோதும் உள்ளூர்ப் போட்டிக்கு இன்று நாம் போடும் அட்டவணையின் பூர்விகம் ஒரு பெண்கள் விடுதி. பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூகா 1883இல் வெளியிட்ட கணிதப் புதிர் நூலில் அந்தக் கணக்கு வருகிறது. விடுதி மாணவியர் தினமும் இருவர் இருவராக உலாவப் போகிறார்கள். ஒரு முறை சேர்ந்து நடந்தவர்கள் மறுபடி சேரக் கூடாது. எல்லோரும் எல்லோரோடும் ஒரு நாள் நடந்துவிட வேண்டும். ஒருத்தியை அசையாமல் நிறுத்திவிட்டு மற்றவர்களை வட்டமாக ஓர் இடம் நகர்த்திக்கொண்டே போனால் போதும் என்பதுதான் விடை. இந்த வழி பெலிக்ஸ் வலெக்கி என்ற ஆசிரியருடையது என்று லூகா குறிப்பிட்டிருக்கிறார்.

புதிர் சாதாரணமாகத் தோன்றலாம். வாராவாரம் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 1, 2, 3 என்ற அணிகள் முதல் மூன்று வாரங்களில் 4, 5, 6 அணிகளோடு மாறி மாறி ஆடிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோதல்கூட இரண்டாம் முறை வரவில்லை. எல்லாம் ஒழுங்காகப் போவதுபோல்தான் இருக்கும். நான்காவது வாரம் வண்டி நின்றுவிடும். முதல் மூன்று அணிகள் இனித் தங்களுக்குள்தான் ஆட முடியும். மூன்றில் இரண்டு மோதினால் ஒன்று சும்மா நிற்கும். அந்தப் பக்கமும் அதே கதை. மிஞ்சிய இரண்டும் ஏற்கெனவே ஆடியவை. ஐந்து வாரத்தில் முடிய வேண்டிய 15 ஆட்டங்கள் ஆறு வாரம் இழுக்கும். அதனால் கடைசி வாரம் வரைக்குமான ஜோடிகளை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

மாணவியர் நடையில் யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்ற கேள்வி இல்லை. சதுரங்கத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. முதலில் காய் நகர்த்தும் வெள்ளைக்குச் சற்றே சாதகம் உண்டு. அதை எல்லோருக்கும் பகிர வேண்டும். 1886இல் ரிச்சர்ட் ஷுரிக் என்பவர் நிறமும் சேர்த்து அட்டவணை வகுத்தார். ஆஸ்திரியச் சதுரங்க ஆட்டக்காரர் யோஹான் பெர்கர், ஷுரிக்கின் பெயரைச் சொல்லியே அதைத் தம் ஆண்டு மலர்களில் அச்சிட்டார். ஆனாலும் உலகம் அதை பெர்கர் அட்டவணை என்றே அழைக்கிறது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே இன்றும் தன் விதிமுறைகளில் இந்த அட்டவணையைத்தான் தருகிறது.

இதே காலத்தில், 1888இல், இங்கிலாந்தில் 12 கிளப்புகள் சேர்ந்து கால்பந்து லீக்கைத் தொடங்கின. ஒவ்வொரு கிளப்பும் மற்ற 11 கிளப்புகளோடு உள்ளூரில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை என 22 ஆட்டங்கள் ஆட வேண்டும். சதுரங்கத்தில் வெள்ளை, கறுப்பு என்றிருந்த சிக்கல்தான் இங்கே சொந்த மைதானம், எதிரியின் மைதானம் என்று வேஷம் மாறியது. வெள்ளை என்ற இடத்தில் சொந்த மைதானம் என்று எழுதிக்கொண்டால் பெர்கர் அட்டவணை அப்படியே கால்பந்துக்கும் கைப்பந்துக்கும் பொருந்தும். ஆறு அணிகளுக்கு அது இப்படி இருக்கும். முதலில் எழுதியிருக்கும் அணியின் மைதானத்தில் ஆட்டம்.

முதல் வாரம்: 1–6, 2–5, 3–4
இரண்டாம் வாரம்: 6–4, 5–3, 1–2
மூன்றாம் வாரம்: 2–6, 3–1, 4–5
நான்காம் வாரம்: 6–5, 1–4, 2–3
ஐந்தாம் வாரம்: 3–6, 4–2, 5–1

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் வரியை எழுதிவிட்டு, 6 தவிர்த்த எல்லா எண்களோடும் 3ஐக் கூட்டுங்கள். விடை 5ஐத் தாண்டினால் 5ஐக் கழியுங்கள். 2–5 என்பது 5–3 ஆகும், 3–4 என்பது 1–2 ஆகும். 6 மட்டும் வாரத்துக்கு ஒரு முறை பக்கம் மாறும். ஏன் மூன்று மூன்றாகத் தாண்ட வேண்டும்? பழைய வட்ட முறையில் ஒவ்வோர் இடமாக நகர்த்தி, மேல் வரிசைக்கே எப்போதும் சொந்த மைதானம் என்று வைத்தால், அசையாத அணி ஐந்து வாரமும் ஊரைவிட்டு நகராது. சில அணிகள் மூன்று வாரம் தொடர்ந்து வேன் பிடித்து அலையும். மூன்றாகத் தாண்டும்போது பக்கங்கள் மாறி மாறி வந்துவிடுகின்றன.

மாறி வந்தாலும் முழுக்க மாறுவதில்லை. 3ஆம் எண்ணும் 6ஆம் எண்ணும் மட்டுமே பிசகாமல் உள்ளூர், வெளியூர் என்று போகின்றன. 1, 2 ஆகியவற்றுக்கு ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு உள்ளூர் ஆட்டம். 4, 5 ஆகியவற்றுக்கு அடுத்தடுத்து இரண்டு வெளியூர் ஆட்டம். இதைவிட நல்ல அட்டவணை போட முடியாதா என்ற கேள்விக்கு, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய கணித அறிஞர் தொமினிக் தெ வேரா 1980களையொட்டிய தம் கட்டுரைகளில் முடிவு சொன்னார்: முடியாது. காரணத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிசகாமல் மாறும் வரிசை இரண்டே உண்டு. ஒன்று உள்ளூரில் தொடங்கும், மற்றது வெளியூரில் தொடங்கும். ஒரே வரிசையை இரண்டு அணிகளுக்குக் கொடுத்தால், அவை இரண்டும் எல்லா வாரமும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கும், ஒரே நேரத்தில் வெளியே இருக்கும். ஒன்றோடொன்று மோத வழியே இல்லை. ஆகவே இரண்டு அணிகளுக்குத்தான் அந்தப் பாக்கியம். மீதி நான்கும் ஆளுக்கு ஒரு பிசகையாவது சுமந்தாக வேண்டும். 3, 6 ஆகிய எண்கள் யாருக்கு என்பதை அணிகள் முன்னிலையில் குலுக்கிப் போடச் சொல்வது இதனால்தான்.

ஐந்து வாரத்தில் 1, 2, 3 அணிகளுக்கு மூன்று உள்ளூர் ஆட்டம், மற்ற மூன்றுக்கு இரண்டு. இந்தக் கணக்கை நேர்செய்ய இரண்டாம் சுற்றில் மைதானத்தைத் திருப்பிப் போட்டு அதே வரிசையில் ஆட விடுவார்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 1ஆம் அணியைப் பாருங்கள்: ஐந்தாம் வாரம் வெளியூர், ஆறு வெளியூர், ஏழும் வெளியூர். 4ஆம் அணிக்கு அதே மூன்று வாரமும் உள்ளூர். ஃபிடே சொல்லும் மருந்து எளியது: முதல் சுற்றின் கடைசி இரண்டு வாரங்களை மட்டும் இடம் மாற்றுங்கள். நான்காம் வாரத்தில் 3–6, 4–2, 5–1; ஐந்தாம் வாரத்தில் 6–5, 1–4, 2–3. அதன்பின் பத்து வாரத்திலும் எந்த அணிக்கும் மூன்று தொடர்ந்து வராது. இரண்டாம் சுற்றைத் தலைகீழ் வரிசையில் ஆட வைத்தாலும் மூன்று தொடராது, ஆனால் அது நல்ல மருந்தாகாது; ஐந்தாம் வாரம் மோதியவர்களே ஆறாம் வாரமும் எதிரெதிரே நிற்பார்கள்.

இரண்டு அணிகளுக்கு ஒரே மைதானம் என்றாலும் இந்த அட்டவணையில் இடமிருக்கிறது. மிலான் நகரில் ஏசி மிலானும் இன்டரும் சான் சீரோ மைதானத்தைப் பகிர்வதுபோல, நம் ஊரிலும் ஒரே பள்ளித் திடலை நம்பி இரண்டு அணிகள் இருக்கும். அவற்றுக்கு 1, 4 அல்லது 2, 5 அல்லது 3, 6 என்று மூன்று தள்ளிய எண்களைக் கொடுங்கள். ஒன்று ஊரில் ஆடும் வாரம் மற்றது வெளியே போயிருக்கும்.

ஆறில் ஓர் அணி தொடக்கத்திலேயே விலகிவிட்டால் புது அட்டவணை வேண்டாம். அதற்கு 6ஆம் எண்ணைக் கொடுத்துவிட்டு, அந்த எண் வரும் இடமெல்லாம் ஓய்வு என்று எழுதினால் சரி. ஐந்து அணிகளுக்கும் இரண்டு உள்ளூர், இரண்டு வெளியூர். ஓய்வு வாரத்தைத் தள்ளிப் பார்த்தால் ஒருவருக்கும் ஒரு பிசகும் இல்லை. விலகிய அணி போட்டி தொடங்கும் முன் மனம் மாறித் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளலாம், இடம் அப்படியே காலியாக இருக்கிறது. கூடவே அந்த நான்கு பிசகுகளும் வந்து சேரும் என்பதை மற்ற அணிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.