பீன்யா கொட்டகைகளில் உருவான ஆரியபட்டாவும் அதன் தோலின் கணக்கும்

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டிய பீன்யா தொழிற்பேட்டையில், 1972ஆம் ஆண்டில் கல்நார்க் கூரை வேய்ந்த சில கொட்டகைகள் ஒரு புதிய பணிக்கு ஒதுக்கப்பட்டன. உடுப்பி ராமச்சந்திர ராவ் தலைமையில் இயங்கிய இந்திய அறிவியல் செயற்கைக்கோள் திட்டத்தார் அங்கேதான் இந்தியாவின் முதல் செயற்கைக்கோளை உருவாக்கினர். 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டின் கபுஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து விண்ணுக்குச் சென்ற ஆரியபட்டா அதுவே. அதன் வரலாறு பெரும்பாலும் துணிவின் கதையாகவும் இந்திய-சோவியத் நட்பின் கதையாகவும் எழுதப்பட்டுள்ளது. அதற்குள் ஒரு வடிவியல் கதையும் இருக்கிறது. ஒரு திண்மத்தின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் அதன் பரப்பு அவ்விகிதத்தின் இருமடியாகவும், கன அளவு மும்மடியாகவும் வளரும் என்ற பள்ளிப் பாடம், அக்கொட்டகைகளில் வாட்டுக் கணக்காகவும் கிலோக் கணக்காகவும் உருவெடுத்தது.

திட்டத்தின் தொடக்கத்தில் எண்ணப்பட்டது ஏறத்தாழ 100 கிலோ நிறையுள்ள சிறு செயற்கைக்கோள். அமெரிக்காவின் ஸ்கவுட் ஏவூர்தியின் திறனுக்கு அவ்வளவே பொருந்தும். பின்னர் சோவியத் ஒன்றியம் தன் ஏவூர்தியை அளிக்க முன்வந்தது. 1972 மே மாதம் இரு நாடுகளின் அறிவியல் அமைப்புகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. சோவியத் ஏவூர்தி கூடுதல் எடையைச் சுமக்கும் என்பதால் செயற்கைக்கோளும் வளர்ந்தது. இறுதியில் அதன் நிறை 360 கிலோ ஆயிற்று.

நிறை 3.6 மடங்காக உயரும்போது மற்றவை என்னவாகும்? உருவமும் சராசரி அடர்த்தியும் மாறவில்லை என்று கொள்வோம். நிறை கன அளவைப் பின்பற்றுவதால் நீளம் 3.6இன் கனமூலமாகிய 1.53 மடங்கு ஆகும். பரப்பு அதன் இருமடியாகிய 2.35 மடங்கு ஆகும். அதாவது ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் மேற்பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். செயற்கைக்கோள் பெருத்தது, ஆனால் அதன் தோல் அதே அளவுக்குப் பெருக்கவில்லை.

ஆரியபட்டாவைப் பொறுத்தவரை இந்தத் தோலே அதன் உணவுக்கு வழி. அது 26 முகங்கள் கொண்ட, கோளத்தை நெருங்கிய பன்முகத் திண்மம். குறுக்களவு ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர். மேல்முகமும் அடிமுகமும் நீங்கலாக மற்ற 24 முகங்களிலும் சூரிய மின்கலங்கள் பதிக்கப்பட்டிருந்தன. சூரியனை நோக்கித் திருப்பும் பலகைகள் எவையும் இல்லை. தன் அச்சில் சுழன்றுகொண்டே, எந்தப் பக்கம் வெயில் பட்டாலும் மின்சாரம் பெறும் ஏற்பாடு அது.

இத்தகைய உடலுக்கு வெயில் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கணக்கிட ஓர் அழகிய தேற்றம் உதவுகிறது. குழிவில்லாத எந்தத் திண்மத்தையும் எல்லாத் திசைகளிலும் திருப்பித் திருப்பி அதன் நிழலை அளந்தால், நிழல்களின் சராசரிப் பரப்பு அதன் மொத்த மேற்பரப்பில் சரியாக நான்கில் ஒரு பங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் கோஷி கண்டது இது. ஒரு செயற்கைக்கோள் பிடிக்கும் வெயில் என்பது அதன் நிழலின் பரப்பே. ஆகவே தோலில் மின்கலம் பதித்த செயற்கைக்கோளின் மின்திறன் மேற்பரப்போடு நேர்விகிதத்தில் நிற்கும். நீளத்தின் இருமடியாகவே வளரும்.

ஆரியபட்டாவை 1.3 மீட்டர் விட்டமுள்ள கோளமாகக் கொண்டால் அதன் நிழல் ஏறத்தாழ 1.3 சதுர மீட்டர். புவியின் தொலைவில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1360 வாட் சூரிய ஆற்றல் வந்து விழுகிறது. ஆக மொத்தம் ஏறத்தாழ 1800 வாட். அக்காலத்து சிலிக்கன் மின்கலங்கள் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும் என்றால், எஞ்சுவது 180 வாட் அளவு. முகங்களின் ஓரங்களிலும் மின்கலங்களுக்கு இடையிலும் வெற்றிடம் உண்டு. சுற்றுப்பாதையின் மூன்றில் ஒரு பங்கு புவியின் நிழலில் கழிகிறது. அந்நேரத்துக்கான ஆற்றலை மின்கல அடுக்கில் சேமிக்கும்போதும் இழப்பு உண்டு. இவற்றையெல்லாம் கழித்தால், ஆரியபட்டாவுக்குப் பதிவாகியுள்ள 46 வாட் என்ற அளவு வியப்பளிக்காது. 360 கிலோ எடையுள்ள ஒரு பொறி, இன்று ஓர் அறையில் எரியும் பழைய குண்டு விளக்கின் திறனில் வாழ்ந்தது.

வெப்பத்தின் கணக்கு இதற்கு நேர்மாறான பாடம் ஒன்றைத் தருகிறது. வெற்றிடத்தில் இருக்கும் உடல் சூரிய வெப்பத்தைப் பரப்பின் வழியே ஏற்கிறது; பரப்பின் வழியே கதிர்வீச்சாக வெளியிடுகிறது. இரண்டும் நீளத்தின் இருமடியைச் சார்ந்தவை என்பதால் சமன்பாட்டில் அளவு அடிபட்டுப் போகிறது. ஒரே பூச்சு கொண்ட சிறு கோளமும் பெரு கோளமும் இறுதியில் ஒரே சராசரி வெப்பநிலைக்குத்தான் வரும். எனவேதான் வெப்பநிலையைப் பெரும்பாலும் பூச்சுகளாலும் முகங்களின் தன்மையாலும் கட்டுப்படுத்த முடிகிறது.

ஆனால் அந்த வெப்பநிலையை அடைய எடுக்கும் நேரம் அளவைப் பொறுத்தது. வெப்பத்தைச் சேமிப்பது நிறை; இழப்பது பரப்பு. மும்மடியை இருமடியால் வகுத்தால் நீளம் மிஞ்சும். 360 கிலோ அலுமினியத்தை ஒத்த பொருளின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த மூன்று லட்சம் ஜூலுக்குச் சற்று மேல் வேண்டும். அறை வெப்பநிலையை ஒட்டிய அவ்வுடல் ஐந்து சதுர மீட்டர் தோலின் வழியே ஒன்றரைக் கிலோவாட் அளவு இழந்தால், புவியின் நிழலில் கழியும் ஏறத்தாழ 35 நிமிடங்களில் அது சராசரியாகப் பத்து டிகிரி அளவே குளிரும். அதே செயற்கைக்கோளைப் பத்தில் ஒரு பங்கு நீளத்துக்குச் சுருக்கினால், அதே நிழலில் அது தொடக்கத்தில் பத்து மடங்கு விரைவாகக் குளிரத் தொடங்கும். பருமன் மின்சாரத்தில் வறுமையைத் தந்தது. வெப்பத்தில் நிதானத்தைத் தந்தது. இரண்டுக்கும் வேர் ஒரே விகிதம்.

ஆரியபட்டா ஏவப்பட்ட சில நாட்களில், ஏறத்தாழ 60 சுற்றுகளுக்குப் பின், அறிவியல் கருவிகளுக்கான மின்வழங்கலில் ஏற்பட்ட கோளாறால் ஆய்வுகள் நின்றுபோயின. இதைப் பரப்பின் போதாமையோடு இணைத்துவிடக் கூடாது. அது மின்வழங்கல் அமைப்பில் நேர்ந்த பழுது, வடிவியலின் குற்றமன்று. விகித விதி சொல்வது வேறொன்று: எல்லாம் பழுதின்றி நடந்தாலும் இந்த வடிவத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதே.

அவ்வரம்பு அடுத்த செயற்கைக்கோளிலேயே தென்பட்டது. 1979 ஜூன் மாதம் ஏவப்பட்ட பாஸ்கராவும் 26 முகங்கள் கொண்ட அதே குடும்ப வடிவம். அதன் நிறை 440 கிலோவுக்குச் சற்று மேல். மின்திறனோ 47 வாட். ஏறத்தாழ 80 கிலோ கூடியும் ஒரு வாட்தான் கூடியது. இரண்டும் ஒன்றின் சரியான பெரும்படிகள் அல்ல. உள்ளடக்கமும் அடர்த்தியும் வேறு. ஆயினும் தோலை நம்பி வாழும் உடலில் நிறையைக் கூட்டுவது எளிது, மின்சாரத்தைக் கூட்டுவது அரிது என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

அமெரிக்கர்கள் இதே சுவரை முன்னரே எதிர்கொண்டிருந்தனர். 1958இல் ஏவப்பட்ட வான்கார்டு 1 ஒன்றரைக் கிலோ எடையுள்ள சிறு பந்து. தோலில் ஒட்டிய சில மின்கலங்களே அதன் சிற்றொலிபரப்பிக்குப் போதுமாயிருந்தன. மறு ஆண்டே, 64 கிலோ எடையுள்ள எக்ஸ்ப்ளோரர் 6, நான்கு துடுப்புகளை விரித்து அவற்றில் மின்கலங்களைத் தாங்கிச் சென்றது. துடுப்பு அல்லது சிறகு என்பது கோஷியின் தேற்றத்திலிருந்து தப்பும் வழி. மெல்லிய பலகைக்கு நிறை சிறிது, பரப்பு பெரிது. சூரியனை நோக்கித் திருப்பிவிட்டால் அதன் முழு முகமும் வெயிலைப் பிடிக்கும், நான்கில் ஒரு பங்கு அன்று.

பெங்களூரு மையத்தாரின் ஆப்பிள் செயற்கைக்கோள் இந்த வழியில் சென்றது. 1981 ஜூன் 19 அன்று ஏரியான் ஏவூர்தியில் சென்ற அதன் நிறை 670 கிலோ. வடிவமைப்பின்படி மின்திறன் 210 வாட். ஆரியபட்டாவை 670 கிலோவுக்குப் பெரிதாக்கினால் விதிப்படி கிடைப்பது 70 வாட் அளவே. கூடுதலின் பெரும்பகுதி விரியும் இரு பலகைகளின் கொடை. அதற்கு விலையும் உண்டு. ஏவியபின் ஒரு பலகை விரியவில்லை. தோலில் பதித்த மின்கலத்துக்குக் கீலும் இல்லை, வில்லும் இல்லை. விரியத் தவறும் அபாயமும் இல்லை. சிறகு முளைத்த உடலுக்கு அது சிறகோடு சேர்ந்தே வந்தது. ஆயினும் ஆப்பிள் ஒற்றைப் பலகையுடன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியது.

விதியின் கடுமையை உணர இன்றைய ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 2018 டிசம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-11இன் நிறை 5854 கிலோ. ஆரியபட்டாவை அந்த நிறைக்குப் பெரிதாக்கினால் நீளம் 2.5 மடங்கு, பரப்பு 6.4 மடங்கு, மின்திறன் 300 வாட்டைத் தொடாது. மும்மடங்கு திறன் வாய்ந்த இன்றைய மின்கலங்களைப் பதித்தாலும் 900 வாட் அளவில் நின்றுவிடும். ஜிசாட்-11 பெறுவதோ 13 கிலோவாட்டுக்கு மேல். புவியின் நிழல் அரிதாகவே படும் உயர்ந்த சுற்றுப்பாதையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது; எஞ்சிய பெரும் இடைவெளியை நிரப்புபவை சிறகுகள்.

எனவே ஒரு செயற்கைக்கோள் தோலில் வாழ்கிறதா, சிறகில் வாழ்கிறதா என்பதை அதன் படத்தைப் பாராமலும் ஓரளவு ஊகிக்கலாம். நிறை எட்டு மடங்காகும்போது மின்திறன் நான்கு மடங்கோடு நின்றால் தோல். எட்டு மடங்கோ அதற்கு மேலோ சென்றால் சிறகு. பீன்யாவின் கொட்டகைகளில் 24 முகங்களிலும் மின்கலம் பதிக்கும் வேலை நடந்தபோது உருவானது, சிறகின்றி வாழத்தக்க அளவுக்குள் அடங்கிய ஓர் உடல். அதனினும் பெரிதாக வளர வேண்டியபோது இந்திய விண்கலங்கள் தம் வடிவத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.