மண் பரிசோதனை அறிக்கையில் 'சல்பேட்' என்று ஒரு வரி: அது உங்கள் அஸ்திவாரத்தை என்ன செய்யும்?

மைசூரு ராமாபுரத்திலோ, சென்னை ராமாபுரத்திலோ, எங்கே மனை வாங்கினாலும் வீடு கட்டும் முன் மண் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். சில நாட்களில் ஒரு அறிக்கை கைக்கு வரும். எல்லோரும் அதில் ஒரே ஒரு எண்ணைத்தான் தேடுவார்கள்: மண் எவ்வளவு எடை தாங்கும்? கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கும். பி.எச், குளோரைடு, சல்பேட். பெரும்பாலும் அதை யாரும் படிப்பதில்லை.

மண்ணுக்கு மேலே சுவரில் விரிசல் வந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட் கரைவதோ வீங்குவதோ கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்த மூன்று வரிகளையும் கட்டும் முன்பே படிக்க வேண்டியிருக்கிறது.

சல்பேட் கான்கிரீட்டை எப்படித் தாக்குகிறது?

சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகும்போது, கான்கிரீட்டுக்குள் நிறைய சுண்ணாம்பும், அலுமினியம் கலந்த சில சேர்மங்களும் உருவாகின்றன. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சல்பேட் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெதுவாக உள்ளே போகிறது. முதலில் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சம் ஆகிறது. பிறகு அலுமினியச் சேர்மங்களோடு சேர்ந்து 'எட்ரிங்கைட்' என்ற ஊசி வடிவப் படிகமாக மாறுகிறது. சிக்கல் இந்தப் படிகத்தில்தான். இதற்கு அதிக இடம் வேண்டும். இறுகிப்போன கான்கிரீட்டுக்குள் ஏது இடம்? உள்ளிருந்தே நெட்டித் தள்ளுகிறது. முதலில் மூலைகளும் விளிம்புகளும் உதிரும், பிறகு வலை போல விரிசல் விழும்.

எல்லா சல்பேட்டும் ஒன்றல்ல. ஜிப்சம் தண்ணீரில் அதிகம் கரையாது, அதனால் அதன் தாக்குதலுக்கு ஓர் எல்லை உண்டு. மெக்னீசியம் சல்பேட் நன்றாகக் கரையும். அதோடு, சிமென்ட்டுக்குப் பலம் தரும் பசையையே அது சிதைத்துவிடும். அப்போது கான்கிரீட் வீங்குவதைவிட மாவு போல மிருதுவாவதுதான் அதிகம்.

அமிலம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அது வீங்க வைக்காது, வெளியிலிருந்து கரைக்கும். சிமென்ட் பசை கரைந்துபோய் ஜல்லி மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதுதான் அதன் அடையாளம். சல்பேட்டுக்கு எதிராக சிமென்ட் வகையை மாற்றிப் பார்க்கலாம். அமிலத்திடம் அந்தத் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது, ஏனென்றால் எந்த போர்ட்லேண்ட் சிமென்ட்டும் அமிலத்தில் கரையும். அங்கே அடர்த்தியான கான்கிரீட்டும் வெளிப்பூச்சும்தான் காப்பு.

ஒரு அறிக்கையைப் படித்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு உங்கள் அறிக்கையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: நிலத்தடி நீரில் சல்பேட் லிட்டருக்கு 1,380 மில்லிகிராம், பி.எச் 6.4.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டி ஐ.எஸ். 456:2000 என்ற தர நெறிமுறை. அதில் உள்ள ஓர் அட்டவணை சல்பேட் அளவை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. நிலத்தடி நீரில் லிட்டருக்கு 0.3 கிராமுக்குக் கீழே என்றால் முதல் வகுப்பு, தனியாக எதுவும் செய்ய வேண்டாம். 0.3 முதல் 1.2 வரை இரண்டாம் வகுப்பு. 1.2 முதல் 2.5 வரை மூன்றாம் வகுப்பு.

1,380 மில்லிகிராம் என்றால் 1.38 கிராம். அப்போ மூன்றாம் வகுப்புதானே? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஐ.எஸ். அட்டவணை SO₃ கணக்கில் இருக்கிறது. தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகங்கள் பெரும்பாலும் SO₄ கணக்கில் எழுதுகின்றன. SO₄ அளவை 1.2 ஆல் வகுத்தால் SO₃ கிடைக்கும். 1,380-ஐ 1.2 ஆல் வகுத்தால் 1,150, அதாவது 1.15 கிராம். இரண்டாம் வகுப்பு.

இந்தப் பக்கம் தவறினால் கொஞ்சம் பணம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். மறுபக்கம் தவறினால் ஆபத்து. அறிக்கை ஏற்கெனவே SO₃ கணக்கில் இருக்க, அதைத் தெரியாமல் இன்னொரு முறை வகுத்தால், மூன்றாம் வகுப்பு மண்ணில் இரண்டாம் வகுப்பு கான்கிரீட் போடுவீர்கள். எந்தக் கணக்கு என்று அறிக்கையில் எழுதவில்லை என்றால் ஆய்வகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்க.

சரி, இரண்டாம் வகுப்பு என்றால் என்ன செய்ய வேண்டும்? சாதாரண சிமென்ட்டே போதும். ஆனால் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 330 கிலோ சிமென்ட் வேண்டும், தண்ணீர் சிமென்ட் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. இதெல்லாம் சல்பேட்டுக்கான கீழ் எல்லை மட்டும்தான். இத்தகைய மண்ணில் புதையும் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு அதே நெறிமுறையின் வேறு பகுதிகள் இன்னும் கடுமையாகக் கேட்கலாம். அதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் வகுப்பானால் 'எஸ்.ஆர்.சி' எனப்படும் சல்பேட் தாங்கும் சிமென்ட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் பி.பி.சி போன்ற கலப்பு சிமென்ட்டையே கூடுதலாக, இன்னும் குறைந்த தண்ணீரோடு போடலாம்.

என் கருத்தில், சிமென்ட் வகையைவிட முக்கியம் இந்தத் தண்ணீர்க் கணக்குதான். கலவை இளகி ஓட வேண்டும் என்பதற்காகத் தளத்தில் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினால் நுண்துளைகள் பெருகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஸ்.ஆர்.சி ஆனாலும் உள்ளே போகும் வழி திறந்துவிடுகிறது.

"எஸ்.ஆர்.சி போட்டாச்சு, இனி கவலையில்லை" என்பதும் சரியல்ல. இந்த சிமென்ட்டில் அலுமினியச் சேர்மம் குறைவு, அதனால்தான் சல்பேட்டைத் தாங்குகிறது. அதே சேர்மம்தான் குளோரைடைப் பிடித்து வைத்து, கம்பியைத் தொட விடாமல் தடுப்பதும். கடற்கரை ஊர்களைப் போல மண்ணில் இரண்டும் சேர்ந்திருந்தால் எஸ்.ஆர்.சி-க்குப் பதிலாக, அலுமினியச் சேர்மம் 5 முதல் 8 சதவீதம் உள்ள சாதாரண சிமென்ட்டையோ, கசடு அதிகம் சேர்ந்த ஸ்லாக் சிமென்ட்டையோ அதே நெறிமுறை பரிந்துரைக்கிறது.

அறிக்கை சொல்லாத ஒன்று: பைரைட்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் எம்5 நெடுஞ்சாலைப் பாலங்கள் சுமார் 30 ஆண்டுகள் நன்றாகத்தான் நின்றன. 1998-ல் ஒரு பாலத்தைப் பழுதுபார்க்க மண்ணைத் தோண்டியபோது, புதைந்திருந்த தூண்களின் வெளிப்பகுதி சேறு போல மிருதுவாகியிருந்தது தெரிந்தது. பிரிட்டன் அரசு நிபுணர் குழு அமைத்தது. 1999 ஜனவரியில் அதன் அறிக்கை வந்தது.

காரணம் அந்த ஊர்க் களிமண். அதில் பைரைட் இருந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்னிறமாக மின்னும் கனிமம் (FeS₂). ஆழத்தில் காற்றுப்படாமல் கிடக்கும்வரை பைரைட் சாது. பாலம் கட்டும்போது அந்தக் களிமண்ணைத் தோண்டி, பிறகு அதையே தூண்களைச் சுற்றி நிரப்பினார்கள். காற்றும் நீரும் பட்டதும் பைரைட் கந்தக அமிலமாகவும் சல்பேட்டாகவும் மாறத் தொடங்கியது. தோண்டும் முன் சல்பேட்டை மட்டும் அளந்து பார்த்தால் இப்படிப்பட்ட மண் உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.

அங்கே நடந்தது 'தாமசைட்' என்ற தனி வகைத் தாக்குதல். அதற்குக் குளிர் வேண்டும், சுமார் 15 டிகிரிக்குக் கீழே வேகமெடுக்கும். நம் ஊர் வெயிலில் அந்த வகைக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் பைரைட்டுக்கு வெயிலும் தடையில்லை.

அதைப் பார்க்க இங்கிலாந்து போக வேண்டாம். கேரளாவின் குட்டநாடு போதும். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் அந்தப் பகுதியில் 'கரி' நிலம் என்று ஒன்று உண்டு. மக்கிய மரத்துண்டுகள் கலந்த கறுப்பு மண், உள்ளே பைரைட். தண்ணீர் தேங்கி நிற்கும்வரை அமிலம் அடங்கியிருக்கும். தண்ணீரை வடித்து மண் காய்ந்ததும் பி.எச் 3 அளவுக்குச் சரிந்துவிடும், கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில். அங்குள்ள விவசாயிகளுக்கு இது பழகிய விஷயம். சுண்ணாம்பு போட்டு, நீரைத் தேக்கிக் கழுவி சமாளிக்கிறார்கள். அதே மண்ணில் அஸ்திவாரம் தோண்டுபவரும் செய்வது ஒன்றுதான்: தண்ணீரை இறைத்து, மண்ணைக் காற்றில் போடுகிறார்.

எனவே உங்கள் மனை பழைய சதுப்பு நிலமாகவோ, கழிமுகத்துக்கு அருகிலோ, கறுஞ்சாம்பல் களிமண்ணாகவோ இருந்தால் சல்பேட்டோடு மொத்த கந்தகத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சல்பேட் கணக்கில் வராத கந்தகம் நிறைய மீந்தால், அது பெரும்பாலும் பைரைட். இன்னொரு எளிய வழியும் உண்டு. மண் மாதிரியை ஈரமாக இருக்கும்போதே ஒருமுறை, சில வாரங்கள் ஈரப்பதத்தோடு காற்றுபட வைத்த பிறகு ஒருமுறை பி.எச் பாருங்கள். எண் சடாரென்று இறங்கினால் தோண்டிய அந்த மண்ணை அஸ்திவாரத்தைச் சுற்றி நிரப்பாதீர்கள். வெளியிலிருந்து நல்ல கிராவல் கொண்டு வாருங்கள்.

மாதிரி எடுக்கும் காலத்தையும் கவனியுங்கள். நல்ல மழை முடிந்த கையோடு எடுத்த தண்ணீரில் சல்பேட் நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியலாம். நம் உதாரணத்தில் இருந்த 1.15 கிராம், எல்லையான 1.2-க்கு மிக அருகில் இருக்கிறது. அது மழைக்கால எண் என்றால் நான் மூன்றாம் வகுப்பாகவே எடுத்துக்கொள்வேன்.

கம்பிக்கும் குழாய்க்கும் என்ன ஆகும்?

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காப்பது அதன் காரத்தன்மை. பி.எச் 12-க்கு மேல் இருக்கும்வரை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் நிலைத்திருக்கும். சல்பேட் கம்பியை நேரடியாகத் தின்பதைவிட, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை உடைத்து அதற்கு வழிவிடுவதுதான் அதிகம். அஸ்திவாரத்தில் அந்த 'கவர்' குறைந்தது 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிறகு துரு பிடித்தால், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கம்பி போகும் திசையிலேயே நீளமான விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அது கம்பியின் வேலை. வலை போன்ற விரிசல் என்றால் சல்பேட்டைச் சந்தேகிக்கலாம்.

மண்ணில் நேரடியாகப் புதையும் இரும்புக் குழாய், போர்வெல் கேசிங் போன்றவற்றின் கதை வேறு. காற்றுப் புகாத, நீர் ஊறிய களிமண்ணில் சல்பேட்டை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை சல்பேட்டை சல்பைடாக மாற்றி, ஆக்சிஜனே இல்லாத இடத்திலும் இரும்பை அரிக்க வைக்கின்றன. பழைய குழாயைத் தோண்டி எடுக்கும்போது பழுப்புத் துருவுக்குப் பதில் கறுப்புப் படிவும், அதைத் துடைத்தால் கீழே பளபளக்கும் குழிகளும் இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். அந்தக் கறுப்புப் படிவில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அழுகிய முட்டை வாடை வரும். வெளியே காற்றோட்டமான இடத்தில், ஒரே ஒரு சொட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. அந்த வாயு நச்சு. வாடை வந்தால், அந்த இடத்தில் திரும்பவும் ஜி.ஐ. குழாய் பதிக்காமல் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிடலாம்.